மங்குக்குப் பூசும் சன்ஸ்கிரீன் முகத்தில் சாம்பலாகத் தெரிவது ஏன்?

கன்னங்களில் மங்கு படர்ந்த ஆசிரியை ஒருவர், ஐந்து மாதமாகச் சன்ஸ்கிரீன் பூசியும் பலனில்லை என்று என்னிடம் வந்தார். மாநிறத்தைவிடச் சற்றுக் கறுத்த நிறம். அவர் கொண்டுவந்த குழாயில் ஜிங்க் ஆக்ஸைடு கலந்த, எஸ்பிஎஃப் 50 என்று அச்சிட்ட களிம்பு இருந்தது. குறை களிம்பில் இல்லை. 50 கிராம் குழாயில் பாதிகூடத் தீரவில்லை என்பதுதான் குறை. எஸ்பிஎஃப் அளவு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிக் கணக்கிடப்படுவது. முகத்துக்கு மட்டும் ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒரு கிராம் வேண்டும். அப்படிப் பூசியிருந்தால் அந்தக் குழாய் இரண்டு மாதம்கூட வந்திருக்காது.

“நிறையப் பூசினால் விபூதி பூசினாற்போல் இருக்கிறது, டாக்டர்” என்றார்.

உண்மைதான். ஜிங்க் ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் களிம்பில் கரைவதில்லை, நுண்துகள்களாக மிதக்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை தோன்றுகிறது. சுவர் பெயிண்டுக்கு வெண்மை தருவதும் இதே டைட்டானியம்தான். வெளிர்நிறத் தோலில் மறைந்துவிடும் அந்த வெண்மை, கறுத்த தோலில் சாம்பலாக எடுத்துக்காட்டும். துகளை மிகச் சிறிதாக்கினால் வெண்மை குறையும். இவ்விரண்டும் கலந்த தாது வகைக் களிம்பு கண்ணாடிபோல் வெயிலைத் திருப்பியடிக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை அதுவும் உறிஞ்சத்தான் செய்கிறது.

அவோபென்சோன், பெமோட்ரிசினால் போன்ற வேதி வடிகட்டிகள் களிம்பின் எண்ணெயில் கரைந்துவிடுவதால் நிறமின்றிப் படிகின்றன. தாது வகை முகத்தில் சற்று வறண்டு, மாவு பூசிய உணர்வைத் தரும். இவையோ பிசுபிசுப்பாகவும் மினுமினுப்பாகவும் இருக்கக்கூடும், வியர்வையோடு வழிந்தால் கண்ணில் எரியும்.

ஜன்னல் வெளிச்சத்தில் அவருடைய தாடையோரம் மூன்று கோடுகள் இழுத்துப் பத்து நிமிடம் காத்திருந்தோம். ஜிங்க் கோடு சாம்பலாக நின்றது, வேதிக் கோடு மறைந்துவிட்டது, இரும்பு ஆக்ஸைடு சேர்த்த பழுப்புக் கோடு தோலோடு ஒன்றியது. நான் மூன்றாவதையே தேர்ந்தெடுத்தேன். கறுத்த தோலில் மங்கைக் கருமையாக்குவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு. நிறமற்ற களிம்புகள் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை, இரும்பு ஆக்ஸைடு தடுக்கிறது. கடைகளில் கிடைக்கும் பழுப்புக் களிம்புகளில் பல வெளிர்நிறத்தாரை மனதில் வைத்தே செய்யப்படுவதால், தாடையில் பூசிப் பார்க்காமல் வாங்கினால் முகம் மஞ்சள் பூத்துப்போகும்.

ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, இரண்டு தடவையாகப் பூசச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து வந்தபோது மங்கு வெளிறத் தொடங்கியிருந்தது. இரண்டாவது குழாயும் தீரும் நிலையில் இருந்தது. ரவிக்கையின் கழுத்தோரத்தில் பழுப்புக் கறை ஒட்டுகிறது என்பது மட்டும் அவருடைய புதிய புகார்.