ரிமோட்டைத் தேடவைத்த 8 டெசிபெல்

ஆடிவேல் ரதத்துக்குப் பின்னால் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிவரை நடந்து எடுத்த 8 நிமிட வீடியோ அது. யூடியூப்பில் ஏற்றிய அன்று மாலையே வெள்ளவத்தையிலிருந்து பெரியம்மா போன் எடுத்தா.

"தம்பி, நீ கதைக்கிறது ஒண்டும் கேக்குதில்லை. சரியெண்டு சத்தத்தைக் கூட்டினா, மேளம் வந்து வீடே அதிருது. பக்கத்து ஃபிளாட் ஆக்கள் என்ன நினைப்பினம்?"

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. எடிட் செய்யும்போது மீட்டரைப் பார்த்துத்தானே செய்தேன்? 0தான் அதன் மேல் எல்லை. தவிலின் உச்சம் -0.6 டெசிபெல்லில் நின்றது, என் குரலின் உச்சம் -6இல் நின்றது. ஐந்தரை டெசிபெல்தான் வித்தியாசம். இதற்கா இத்தனை முறைப்பாடு என்று நினைத்தேன். பிழை என்னில்தான். நான் பார்த்த மீட்டர் சத்தத்தை அளக்கும் மீட்டரே அல்ல.

எடிட்டிங் மென்பொருளில் பச்சையும் சிவப்புமாகத் துள்ளும் அந்தக் கோடு, ஒலி அலையின் உச்சியை மட்டும் காட்டுகிறது. உச்சி என்பது கண நேர விஷயம். கதைக்கும்போது "ப", "ட" என்ற எழுத்துகளில் ஒரு துள்ளல் வரும், உடனே விழும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெறும் மூச்சுத்தான். நாதஸ்வரம் அப்படியல்ல. மூச்சு விடாமல் நிரம்பி நிற்கும். இரண்டின் உச்சியும் ஒரே உயரத்தில் இருந்தாலும் காதுக்கு நாதஸ்வரம்தான் பெரிது, ஏனென்றால் காது உச்சியைக் கணக்கெடுப்பதில்லை. கொஞ்ச நேரத்துக்குள் எவ்வளவு ஒலிச்சக்தி வந்து சேர்ந்தது என்பதைத்தான் எடுக்கிறது.

இதை அளப்பதற்கென்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் ஒரு முறையை வெளியிட்டது. BS.1770 என்பது அதன் பெயர். மீட்டரில் அதன் அலகு LUFS என்று எழுதியிருக்கும். வேலை செய்கிறவர்கள் வாயால் லஃப்ஸ் என்பார்கள். முறை சுலபமானது. முதலில் ஒலியைக் காதின் போக்குக்கு வடிகட்டுகிறார்கள்: அடித்தொண்டை அதிர்வுகளைக் குறைத்து, 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைச் சுமார் 4 டெசிபெல் தூக்கிவிடுகிறார்கள். நாதஸ்வரத்தின் கூர்மை நிற்பது அந்த மேல்பகுதியில்தான் என்பதால் அதற்கு இன்னும் கொஞ்சம் மதிப்பெண் கூடும். பிறகு 400 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் சக்தியையும் கணக்கிட்டு, எல்லாவற்றுக்கும் சராசரி எடுக்கிறார்கள். 1 டெசிபெல் கூட்டினால் லஃப்ஸும் 1 கூடும்.

சராசரியில் ஒரு தந்திரம் இருக்கிறது. படத்தில் நீண்ட அமைதி இருந்தால் அது சராசரியைக் கீழே இழுத்து, கதைக்கும் பகுதி உண்மையில் இருப்பதைவிடச் சின்னதாகத் தெரியும். அதனால் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். -70க்குக் கீழே உள்ள துண்டுகளை முதலிலேயே தள்ளிவிட்டு, மிச்சத்துக்குச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியை விட 10க்கு மேல் குறைவான துண்டுகளையும் தள்ளிவிட்டு, மறுபடி சராசரி எடுக்க வேண்டும். கடைசியில் வருகிற ஒற்றை எண்தான் முழு வீடியோவின் சத்த அளவு.

என் வீடியோவை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். நான் கதைக்கிற 4 நிமிடம் -22. மேளம் 3 நிமிடம் -13. விடியற்காலைத் தெரு, ஆளில்லாத ஒரு நிமிடம், -45. முதல் சராசரி -16.6 வந்தது. அதற்கு 10 கீழே -26.6, விடியற்காலை நிமிடம் வாசலுக்கு வெளியே போய்விட்டது. மிச்சம் 7 நிமிடத்துக்கு -16.0.

மேளம் 3 நிமிடம்தான், குரல் 4 நிமிடம். ஆனாலும் எண் மேளத்தின் பக்கம் சாய்ந்துகிடக்கிறது. இது டெசிபெல்களின் சராசரி அல்ல, சக்தியின் சராசரி. 9 டெசிபெல் வித்தியாசம் என்றால் மேளத்தின் சக்தி குரலைப் போல் 8 மடங்கு. பந்தியில் ஒருவர் மட்டும் எட்டுப் பேரின் சாப்பாட்டைச் சாப்பிட்டால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு என்ன ஆகும், அதுதான் இங்கே நடந்தது.

யூடியூப் பாட்டுகளையும் பேச்சுகளையும் ஏறக்குறைய -14 என்ற ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. ஆனால் அது குறைக்கும், கூட்டாது. கணினியில் வீடியோமேல் வலது கிளிக் செய்து Stats for nerds என்பதைத் திறந்தால், அந்த மட்டத்தைவிட எவ்வளவு கூட அல்லது குறைவு என்பதை content loudness என்ற இடத்தில் காட்டும். சத்தமாக ஏற்றிய ஒரு பாட்டுக்கு 5.7dB என்று காட்டினால், பக்கத்தில் 100% / 52% என்றும் இருக்கும்; வீச்சைப் பாதியளவாக இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். என் வீடியோவுக்கு -2.0dB, 100% / 100%. தொடவேயில்லை.

இப்போது பெரியம்மாவின் சோபாவிலிருந்து பாருங்கள். அவ முதலில் பார்த்தது யாரோ ஒருவரின் சமையல் வீடியோ. முழுவதும் பேச்சு, -14இல் சீராக நிற்கிறது. ரிமோட்டில் சத்தத்தை அதற்கு ஏற்ப வைத்திருக்கிறா. அடுத்து என் குரல் -22இல் வருகிறது, 8 டெசிபெல் கீழே. கூட்டுகிறா. மேளம் -13. அவ்வளவுதான்.

"முழுவதையும் 2 டெசிபெல் தூக்கி -14 ஆக்கிவிடு" என்று இதற்கு வழக்கமாகச் சொல்லுவார்கள். செய்தால் எண் சரியாகும், குரல் -20இலும் மேளம் -11இலும் நிற்கும், குரல் மற்றவர்களைவிட இன்னும் 6 கீழேதான். தளம் சரிபார்ப்பது ஒற்றை எண்ணை. வீடியோவுக்குள்ளே எது எதைவிடப் பெரிது என்பது அதன் வேலை இல்லை. போதாததற்கு, -0.6இல் இருந்த தவில் உச்சத்தை 2 தூக்கினால் +1.4 ஆகும். 0க்கு மேலே இடம் கிடையாது. அலையின் தலை வெட்டுப்பட்டு, தவிலின் "தொம்" தகரத்தில் தட்டினது போல் கேட்கும்.

நான் செய்த அடுத்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ffmpeg என்ற இலவசக் கருவியில் loudnorm என்றொரு வடிகட்டி இருக்கிறது. அதை ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். காலையில் கேட்டால், நான் வசனத்துக்கு நடுவே மூச்சு வாங்கும் இடங்களில் அறையின் மின்விசிறியும் காலி வீதி பஸ்ஸும் மெல்ல எழும்பி வருகின்றன. திரும்பக் கதைக்கத் தொடங்கினதும் பின்வாங்குகின்றன. கடலலை மாதிரி. காரணம், ஒரே ஓட்டத்தில் அது முழு வீடியோவையும் அறியாது. சில வினாடிகளை முன்கூட்டிப் பார்த்து, சின்னதாக வந்தால் தூக்கும், பெரிதாக வந்தால் அமத்தும். முடிவில் எழுதிக்காட்டும் விபரத்தில் normalization_type என்ற இடத்தில் dynamic என்று இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

ஆகவே திரும்ப எடிட்டிங் மேசைக்கே வந்தேன். குரலை 5 டெசிபெல் தூக்கினேன்; அப்படியே விட்டால் அதன் உச்சம் -1க்கு வந்துவிடும் என்பதால், ஒரு கம்பிரசரால் உச்சங்களை மட்டும் 3 டெசிபெல் அமத்தி -4இல் நிறுத்தினேன். பேச்சில் 3 டெசிபெல் அமத்தியது யாருக்கும் தெரியாது. மேளத்தை 3 இறக்கினேன், வேறொன்றும் செய்யவில்லை. தவிலை அமத்தினால் அடி செத்துவிடும். இப்போது குரல் -17, மேளம் -16, முழு வீடியோ -16.5, மிக உயர்ந்த உச்சம் -3.6. -14க்கு இன்னும் 2.5 வேண்டும். -3.6உடன் 2.5 கூட்டினால் -1.1. இடம் இருக்கிறது.

உச்சத்துக்கு 0 வரை போகாமல் -1இலேயே கோடு போடுவதற்குக் காரணம் உண்டு. கோப்பில் இருப்பவை அலையின் மேல் குத்திய புள்ளிகள் மட்டுமே. உண்மையான அலை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அவற்றைவிட உயரப் போகலாம். பிறகு தளம் அதை மறுபடி சுருக்கும்போது அலையின் வடிவம் கொஞ்சம் மாறி, உச்சம் இன்னும் ஏறும். அதனால் True Peak என்று எழுதியிருக்கும் மீட்டரில் -1க்குள் நிற்பது பாதுகாப்பு.

இப்போது இரண்டு ஓட்டம். I என்பது சேர வேண்டிய மட்டம், TP உச்சத்தின் எல்லை, LRA சத்தம் ஏறி இறங்கும் அகலம். முதலாவது அளக்க மட்டும்:

```
ffmpeg -i vel.mov -af loudnorm=I=-14:TP=-1:LRA=11:print_format=json -f null -
```

இது திரையில் கக்கும் எண்களை எடுத்து இரண்டாவதில் போட வேண்டும்:

```
ffmpeg -i vel.mov -c:v copy -af loudnorm=I=-14:TP=-1:LRA=11:measured_I=-16.5:measured_TP=-3.6:measured_LRA=6.2:measured_thresh=-27.1:linear=true:print_format=json -ar 48000 -c:a aac -b:a 320k vel14.mp4
```

linear=true என்று கேட்டதால் மட்டும் அது கிடைத்துவிடாது. தூக்கிய பிறகு உச்சம் TP எல்லையைத் தாண்டுமானால், அல்லது அளந்த LRA நாம் எழுதிய LRAயைவிடக் கூடுதலானால், கருவி ஒன்றும் சொல்லாமல் பழைய dynamic முறைக்குத் திரும்பிவிடும். கடைசி விபரத்தில் linear என்று இருக்கிறதா என்று பார்க்காமல் கோப்பை வெளியே விடக்கூடாது. dynamic முறையில் வடிகட்டி உள்ளே ஒலியை 192 கிலோஹெர்ட்ஸாக ஏற்றிவிடும்; -ar 48000 எழுத மறந்தால் கோப்பும் தேவைக்கு மேற்பட்ட வீதத்தில் வரும், அதுவும் ஒரு தொல்லை.

குரல் -14.5, மேளம் -13.5 ஆக முடிந்தது. யூடியூப்புக்கு இது அதன் மட்டம். வாட்ஸ்அப்பில் டொக்யுமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், கூட்டவோ குறைக்கவோ ஆளில்லை. அங்கேயும் மற்ற வீடியோக்களுக்குப் பக்கத்தில் கூனாமல் நிற்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்களின் R128 விதிக்குத் தர வேண்டுமானால் மட்டம் -23. முழுவதையும் 9 டெசிபெல் இறக்கினால் போதும். இறக்குவதில் எந்தச் சேதமும் இல்லை, உச்சம் எங்கேயும் இடிக்காது. ஆகையால் உள்ளே உள்ள சமநிலையை ஒரு தடவை சரிசெய்துவிட்டால், தளத்துக்குத் தளம் மாறுவது கடைசியில் திருகும் ஒரேயொரு எண்தான்.

பெரியம்மாவுக்குப் புதிய இணைப்பை அனுப்பினேன். ரிமோட் தொடாமல் பார்த்து முடித்ததாகச் சொன்னா. "ஆனா தொடக்கத்தில ஒரு நிமிஷம் சத்தமே இல்லையே, பழுதோ?" என்று கேட்டா. அது விடியற்காலைத் தெரு. வாசலுக்கு வெளியே நின்ற நிமிடம். -45இல் இருந்தது இப்போது -42.5. அதைத் தூக்கினால் எழும்புவது மைக்கின் இரைச்சலும் எங்கோ தூரத்து ரயிலும்தான். அந்த நிமிடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.