"கிலோ 300ன்னு போயிருச்சு தம்பி": தப்பு விலைக்கு மன்னிப்பு எழுதுறது எப்படி

பாம்பன்ல கருவாட்டுக்கடை வச்சிருக்க அக்கா ஒருத்தவங்களுக்கு நான்தான் வாட்ஸ்அப் சேனல், ஃபேஸ்புக் பேஜ் ரெண்டையும் செட் பண்ணிக் குடுத்தேன். ஷீட்ல விலையப் போட்டா போதும், காலைல 6 மணிக்கு போஸ்ட் தானாப் போயிரும். மீன்பிடி தடைக்காலம் நடந்துட்டு இருந்துச்சு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எதுவும் போகாதுல்ல, அப்ப கருவாடு நல்லா ஓடும். அன்னிக்குன்னு பாத்து "சீலா கருவாடு, ஒரு கிலோ 300 ரூபா"ன்னு போயிருச்சு. உண்மையான விலை கிலோ 1200. அக்கா ஷீட்ல போட்டது கால் கிலோ விலை, ஆனா டெம்ப்ளேட்ல "ஒரு கிலோ"ன்னு நிரந்தரமா எழுதி வச்சது நான். சோ தப்புல பாதி என்னோடது.

7.40க்கு அக்கா போன் பண்ணுறாங்க. அதுக்குள்ள 7 பேரு ஜிபேல காசு போட்டு, "ஆர்டர் கன்ஃபார்ம்"னு ஆட்டோ ரிப்ளையும் வாங்கிட்டாங்க. இன்னும் 14 பேரு கேட்டு மெசேஜ் போட்டு நிக்கிறாங்க. அக்கா பதறிப்போய் போஸ்ட்ட டெலிட் பண்ணிட்டு, "டெக்னிக்கல் எரர், சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு ஒரு வரி போட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் புரியல, எது எரரு, போட்ட காசு என்னாகும்னு கேள்வி குமிஞ்சிருச்சு, ஸ்கிரீன்ஷாட் வேற அங்கிட்டும் இங்கிட்டும் சுத்த ஆரம்பிச்சிருச்சு. இதுல கூத்து என்னன்னா, ஃபேஸ்புக்குக்கு தனியா ஷெட்யூல் இருந்ததை நாங்க மறந்துட்டோம், 9 மணிக்கு அதே 300 ரூபா போஸ்ட் அங்க மறுபடி போயிருச்சு. மன்னிப்புக்கு கீழ திரும்பவும் தப்பு விலை! அதனால எழுத உக்காருறதுக்கு முன்னாடி க்யூல இருக்கறது எல்லாத்தையும் நிறுத்துங்க.

அடுத்தது, காசு போட்டவங்களுக்கு என்ன செய்யப்போறோம்னு முடிவு பண்ணாம எழுத முடியாது. விளம்பரத்துல போடுற விலை பொதுவா "வந்து கேளுங்க"ன்னு கூப்பிடுறதுதான், அந்த 14 பேருக்கு சரியான விலையச் சொல்லி மன்னிப்பு கேட்டா போதும். ஆனா காசு வாங்கிட்டு கன்ஃபார்ம்னு சொல்லியாச்சுன்னா கதை வேற. 1872ஆம் வருச ஒப்பந்தச் சட்டத்துல 22ஆம் பிரிவு இருக்கு, ஒரு தரப்பு மட்டும் தப்பா நெனச்சதுங்கிறதுக்காக ஒப்பந்தத்த ரத்து பண்ண முடியாதுங்குது. நாங்க கணக்குப் போட்டோம், அடக்கம் கிலோவுக்கு 950, 300க்கு குடுத்தா 650 நட்டம். 6 பேரு ஆளுக்கு ஒரு கிலோ, ஒருத்தர் மட்டும் 6 கிலோ, மெஸ் வச்சிருக்கவரு. ஆளுக்கு ஒரு கிலோ குடுத்தா 4550 நட்டம், அது தாங்கும். அவருகிட்ட மட்டும் அக்கா நேர்ல பேசுனாங்க, ஒரு கிலோவ எடுத்துக்கிட்டு மிச்சம் 1500 ரூபாய திரும்ப வாங்க ஒத்துக்கிட்டாரு. அவரு ஒத்துக்காட்டி என்ன பண்ணியிருப்போம்னா, குடுத்துத்தான் இருக்கணும்.

அதுக்கப்புறம் 10 மணிக்கு போட்டது இது:

"இன்னிக்கு காலைல 6 மணிக்கு சீலா கருவாடு கிலோ 300னு போட்டது தப்பு. அது கால் கிலோ விலை, கிலோ 1200. ஷீட்ல நாங்க போட்டதும் போஸ்ட்ல வந்த அளவும் மாறிப்போச்சு, சரிபாக்காம விட்டது எங்க தப்புதான், மன்னிச்சிருங்க. காலைல 10 மணிக்கு முன்னாடி காசு போட்டவங்களுக்கு ஒரு கிலோ 300க்கே இன்னிக்கே பார்சல் ஆகுது. மிச்சப் பணம் நீங்க அனுப்புன அதே நம்பருக்கு சாயங்காலம் 6க்குள்ள வந்துரும். நாங்க லிங்க் அனுப்ப மாட்டோம், பின் கேக்க மாட்டோம்."

கடைசி வரிய நான்தான் வம்பு பண்ணி சேத்தேன். ரீஃபண்டுன்னு பொதுவுல சொன்னா, கடைப்பேருல போன் பண்ணி பின் நம்பர போடச் சொல்லுற ஆளுங்க வருவாங்க, காசு வாங்குறதுக்கு யுபிஐ பின்னே தேவையில்லன்னு பலருக்குத் தெரியாது. "டெக்னிக்கல் எரர்"ங்கிற வார்த்தைய தூக்கிட்டேன், எந்த மெஷினும் தானா கால் கிலோவ ஒரு கிலோ ஆக்கல. "300க்கு ஆசப்பட்டு ஏமாந்துட்டீங்களா"ன்னு சிரிக்கிற மாதிரி ஒரு வரி எழுதியிருந்தாங்க, அதையும் வேணாம்னுட்டேன். வாட்ஸ்அப் சேனல்லயும் ஃபேஸ்புக்லயும் ஒரே வாசகம், தப்பு போஸ்ட் எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம்.

ஷீட்ல இப்ப அளவுக்கு தனி நெடுவரிசை இருக்கு, டெம்ப்ளேட் அதுல இருந்துதான் எடுக்கும். கூடவே B நெடுவரிசைல போன விலை, C நெடுவரிசைல இன்னிக்கு விலை, பக்கத்துல இது:

```
=IF(C2<B2*0.7,"நிறுத்து","சரி")
```

"நிறுத்து"ன்னு வந்தா போஸ்ட் போகாது, அக்கா பாத்து ஓகே குடுக்கணும். போன வாரம் நெத்திலிக்கு அப்படி நின்னுருச்சு, விடிகாலைல போன் பண்ணி "தம்பி, இது நெசமாவே ஆஃபருப்பா, விடச்சொல்லு"ன்றாங்க.