24 நிமிடத்தை நடந்தே பிடிப்பது எப்படி?

தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடக்கின்றன. காவடிகளின் பின்னால் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து ஏராளமானோர் வெறுங்காலில் போகிறார்கள். இத்தனை பேர் நடக்கும்போது யாராவது பிந்தாமல் இருப்பதில்லை. ஒருவர் கிளம்பும்போதே பிந்துவார். இன்னொருவர் நடுவழியில் காலில் கொப்புளம் கண்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு இருவருமே ‘கொஞ்சம் வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம்’ என்பார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது இருவருக்கும் ஒன்றல்ல.

கணக்குக்காக, ஒரு கட்டத்தின் தூரம் 24 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. இதை ‘ஒரு கிலோமீட்டருக்கு 12 நிமிடம்’ என்று சொல்லிக்கொள்வது நல்லது. பிந்தியது நிமிடக் கணக்கில் இருக்கிறது, மீதியிருப்பது கிலோமீட்டர் கணக்கில் இருக்கிறது. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் விடை நேராகக் கிடைக்கும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று யோசித்தால் தலைகீழ் வகுத்தல் தேவைப்படும். அந்த நேரத்தில் அது தூக்கக் கலக்கத்தில் சரியாக வராது.

24 நிமிடம் பிந்தி, 3.24க்குக் கிளம்புபவரை முதலில் பார்ப்போம். 24 நிமிடத்தை 24 கிலோமீட்டரால் வகுத்தால் ஒரு நிமிடம். ஒவ்வொரு கிலோமீட்டரையும் 12க்குப் பதிலாக 11 நிமிடத்தில் கடந்தால், கூட்டம் தங்கல் போய்ச் சேரும் 7.48க்கு அவரும் சேர்ந்துவிடுவார். இது மணிக்கு சுமார் 5.5 கி.மீ. உடம்புக்கு இது பெரிய மாற்றமில்லை.

அடுத்தவர் கூட்டத்தோடு சரியாகக் கிளம்பியவர். 16ஆவது கிலோமீட்டரில், 6.12க்கு, கொப்புளத்துக்குக் கட்டுப்போட உட்கார்ந்து 6.36க்கு எழுகிறார். அவர் இழந்ததும் அதே 24 நிமிடம்தான். ஆனால் மீதி 8 கி.மீ. மட்டுமே. கிலோமீட்டருக்கு 3 நிமிடம் குறைத்து, 9 நிமிடத்தில் நடக்க வேண்டும். அது மணிக்கு 6.7 கி.மீ. புண்பட்ட காலோடு இது நடக்கிற காரியமல்ல.

பலரும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. முதல் 12 கிலோமீட்டரை மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்துவிட்டார் ஒருவர். சராசரி 5 வர, மீதியை 6இல் நடந்தால் போதும் என்று தோன்றும். அப்படி நடந்தால் அவர் 12 நிமிடம் பிந்தித்தான் போய்ச் சேருவார். மெதுவாக நடந்த பாதிக்கு 3 மணி நேரம் போய்விட்டது. வேகமாக நடக்கும் பாதிக்கு 2 மணி நேரம்தான் ஆகும். மெதுவான வேகத்தில் அதிக நேரம் கழிவதால் சராசரி அந்தப் பக்கமே சாய்கிறது. உண்மையில் அவருக்கு மீதமிருப்பது 108 நிமிடம். 12ஆல் வகுத்தால் மறுபடியும் அதே 9 நிமிடம் வந்து நிற்கிறது.

இந்த 9 நிமிடம் ஏன் இவ்வளவு கடினம்? நடக்கும்போது ஊன்றிய கால் ஒரு கம்பு போல நிற்க, இடுப்பு அதன்மேல் ஒரு வில்வளைவில் ஏறி இறங்குகிறது. ஏறும்போது சேமித்த ஆற்றல் இறங்கும்போது முன்னோக்கிய வேகமாகத் திரும்பக் கிடைக்கிறது. மணிக்கு 5 கி.மீ. அளவில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நன்றாக நடப்பதால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் ஆற்றல் அங்கே மிகக் குறைவு. அதைச் சுற்றி 5.5 வரை செலவு மெதுவாகத்தான் ஏறும். அதற்கு மேலே போகப்போக வேகமாக ஏறும். மணிக்கு 7 கி.மீ. சொச்சத்தில் நடப்பதைவிட ஓடுவதே சுலபமாகி, கால் தானாகவே ஓட்டத்துக்கு மாறப் பார்க்கும். கால் குட்டையானவர்களுக்கு அந்த எல்லை இன்னும் முன்னதாகவே வரும். ஆகவே கணக்கின் விடை கிலோமீட்டருக்கு 10 நிமிடத்துக்குக் கீழே வந்தால், பழக்கமில்லாதவர் அதை முயலாமல் விடுவதே மேல்.

விடை கிடைத்தாலும் அதை நடையில் கொண்டுவர வேண்டும். 75 செ.மீ. எட்டு வைப்பவர் 12 நிமிட வேகத்தில் 15 விநாடிக்கு சுமார் 28 எட்டு வைப்பார். அதே நீள எட்டில் 11 நிமிட வேகத்துக்கு 30 எட்டு வேண்டும். கூடுவது இரண்டே எட்டு. எட்டை நீட்டி வேகம் கூட்டுவது வெறுங்காலில் தவறு: குதிகால் தள்ளிப்போய் விழுந்து தார்ச்சாலையில் இடிபடும், பாதம் உரசிக் கொப்புளம் வரும். எட்டு அடிக்கடி விழட்டும், நீளம் அப்படியே இருக்கட்டும்.

சரிபார்க்கக் கிலோமீட்டர் கல்லே போதும். பல சாலைகளில் இடையில் 200 மீட்டர் கற்களும் உண்டு. 11 நிமிட வேகத்தில் ஒரு 200 மீட்டருக்கு 2 நிமிடம் 12 விநாடி ஆக வேண்டும். கைபேசிச் செயலி அந்தந்த நொடிக்குக் காட்டும் வேகம் துள்ளிக்கொண்டே இருக்கும். மரநிழலில் இன்னும் மோசம். முழுக் கிலோமீட்டர் முடிந்ததும் காட்டும் எண்ணையே நம்பலாம். ஒரு கிலோமீட்டரில் 30 விநாடி தவறினால் பதற வேண்டாம், மீதமுள்ள 23 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடி சொச்சம்தான். அதே தவறு கடைசி மூன்று கிலோமீட்டர் இருக்கையில் நேர்ந்தால் பத்து விநாடி.

எல்லாவற்றையும் ஒரே சீராகப் பங்கிடுவது கணக்குக்கு அழகு, வெயிலுக்கு அல்ல. தை மாதத்தில் ஆறரை மணிக்குமேல் சூரியன் ஏறத் தொடங்கும். எனவே 3.24க்குக் கிளம்பியவர் முதல் 16 கிலோமீட்டரை, கிலோமீட்டருக்கு 10 நிமிடம் 45 விநாடி வீதம் நடந்து 20 நிமிடத்தைப் பிடித்துவிடலாம். அப்போது மணி 6.16. மீதி 8 கிலோமீட்டரை 11 நிமிடம் 30 விநாடி வீதம் நடந்து மிச்ச 4 நிமிடத்தை எடுக்கலாம். முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே பாதியைப் பிடித்துவிட வேண்டும் என்று பாய்வதுதான் கூடாது; மூச்சு வாங்கி ஒரு முறை உட்கார்ந்தாலே அவ்வளவும் போய்விடும். வழியில் பானகப் பந்தலில் நிற்கப் போகிறீர்கள் என்றால், அந்த 5 நிமிடத்தைக் கைவசமுள்ள நேரத்திலிருந்து முதலிலேயே கழித்துவிட்டு வகுக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

கொப்புளக்காரருக்கும் ஒரு வழி இருக்கிறது. கூட்டம் 7.48க்குத் தங்கலில் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, 40 நிமிடம் கழித்து 8.28க்குத்தான் அடுத்த கட்டத்துக்குக் கிளம்பும் என்று கொள்வோம். அவர் பிடிக்க வேண்டியது அவர்கள் சேரும் நேரத்தை அல்ல, கிளம்பும் நேரத்தை. 6.36இலிருந்து 8.28 வரை 112 நிமிடம். சாப்பாட்டுக்கு 20 நிமிடம் எடுத்துவைத்தால் மீதி 92. 8ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 11 நிமிடம் 30 விநாடி. அதுவும் முடியவில்லை என்றால், சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு 10 நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். அப்போது 12 நிமிடம் 45 விநாடி போதும். அது கூட்டத்தின் வழக்கமான நடையைவிட மெதுவானது.