தகுதிகாண் பருவம்: ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று எழுதினால் போதுமா?

புதிதாகச் சேர்ந்தவரை நிரந்தரமாக்கும் முன் அவர் வேலையைப் பார்த்து முடிவு செய்யும் காலத்தை ஆபீஸில் எல்லோரும் ‘ப்ரொபேஷன்’ என்றுதான் சொல்கிறோம். லத்தீனில் ‘ப்ரொபாரே’ என்றால் சோதித்துப் பார்ப்பது, மெய்ப்பிப்பது. அந்த வேரிலிருந்து வந்த சொல் இது. தமிழ்நாட்டு அரசாணைகளில் இதற்குத் ‘தகுதிகாண் பருவம்’ என்றும், இலங்கை அரசு அறிவித்தல்களில் ‘தகுதிகாண் காலம்’ என்றும் வழங்குகிறது. இரண்டும் நல்ல சொற்கள். ‘சோதனைக் காலம்’ என்று எழுதினால் ஏதோ கஷ்டகாலம் என்று தொனிக்கும். ‘பயிற்சிக் காலம்’ என்பது பொருளிலேயே தவறு. பயிற்சியாளர் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். தகுதிகாண் பருவத்தில் இருப்பவரோ காலியான ஓர் இடத்தில் அமர்ந்து முழு வேலையையும் பார்ப்பவர்.

‘நன்னடத்தைக் காலம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அது நீதிமன்றத்துச் சொல். 1841இல் பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ் என்ற காலணித் தொழிலாளி, குடித்துப் பிடிபட்ட ஒருவருக்குப் பிணை நின்று திருத்திக் காட்டியதிலிருந்து வளர்ந்தது, குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டுவைக்கும் இந்த ஏற்பாடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் பிரித்து வைத்திருக்கிறோம். வேலைக் கடிதத்தில் அந்தச் சொல் நுழைந்தால், படிப்பவர் தன் ஒழுக்கத்தில் குறை சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

பருவம் முடிந்து ஆளை வைத்துக்கொள்வது ‘பணி உறுதி செய்தல்’. பேச்சில் ‘பர்மனன்ட் பண்றது’. வைத்துக்கொள்ளாதபோது எழுதும் கடிதத்தில்தான் சிக்கல். ‘தங்கள் பணி உறுதி செய்யப்படவில்லை’ என்ற ஒற்றை வரிக்கு இரண்டு பொருள் உண்டு: இன்னும் செய்யவில்லை, இனிச் செய்யப்போவதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் ‘சாப்பிடவில்லை’ என்பவர் பத்து நிமிடத்தில் சாப்பிட உட்காரலாம். அதுபோல அந்த வரியைப் படித்தவர் மூன்று மாதம் நீட்டித்திருக்கிறார்கள் போல என்று நினைத்துத் திங்கட்கிழமை வேலைக்கு வந்து நிற்பார். முடிவைச் சொல்ல ‘உறுதி செய்வதில்லை என்று முடிவு செய்துள்ளோம்’ என்ற தொடரும், கடைசி நாளின் தேதியும் வேண்டும்.

சென்னையில் ஒரு கடையின் கணக்குப் பிரிவில் ஜனவரி 6 அன்று சேர்ந்தவருக்கான கடிதம் இப்படி அமையலாம்:

“வணக்கம் கவிதா. உங்கள் ஆறு மாதத் தகுதிகாண் பருவம் ஜூலை 5 அன்று முடிகிறது. உங்கள் பணியை உறுதி செய்வதில்லை என்று முடிவு செய்துள்ளோம். ஜூலை 5 உங்கள் கடைசி வேலைநாள். ஏப்ரலிலும் ஜூனிலும் நாம் பேசியதுபோல, ஜிஎஸ்டிஆர்-3பி வரிப் படிவம் 20ஆம் தேதிக்குள் தாக்கலாகாமல் போனதே காரணம். சம்பள பாக்கியும், முன்னறிவிப்புக்கு ஈடாக ஒரு மாதச் சம்பளமும் ஜூலை 7 அன்று உங்கள் கணக்கில் சேரும். அனுபவச் சான்றிதழைக் கடைசி நாளன்று தருகிறோம். கேட்க ஏதேனும் இருந்தால் என்னை நேரடியாக அழையுங்கள்.”

வணக்கத்துக்குப் பிறகு இரண்டாவது வரியிலேயே முடிவு வந்துவிடுகிறது. ‘கனத்த மனதுடன்’ என்று தொடங்கிப் பாராட்டை அடுக்கினால், படிப்பவர் தலைவிதியைத் தேடிக் கடைசிப் பத்திவரை ஓட வேண்டியிருக்கும். காரணமும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கிறது. ஏப்ரலில் பேசாமல் ஜூலையில் மட்டும் எழுதுவதை எந்த நடையழகும் காப்பாற்றாது.

ஈட்டுச் சம்பளம் தயவு அல்ல. 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை விலக்க நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ வேண்டும் என்கிறது. ஜூலை 5 வரை வேலை பார்ப்பவர் அந்த ஆறு மாதத்தைத் தொட்டுவிடுகிறார்.

கடிதத்தில் ‘தகுதியற்றவர்’, ‘நேர்மையில் ஐயம்’ போன்ற சொற்கள் கூடாது. பருவத்தின் பெயரிலேயே ‘தகுதி’ இருப்பதால் ‘தகுதியற்றவர்’ கை தவறி வந்து விழும். குறை வேலையில் என்று எழுதுங்கள், ஆளில் என்று எழுதாதீர்கள். அரசு மற்றும் அரசுசார் பணிகளில் இத்தகைய சொல்லைக் ‘களங்கம்’ என்பார்கள். களங்கம் கற்பிக்கும் ஆணையை விசாரணையின்றிப் பிறப்பித்தால் நீதிமன்றத்தில் நிற்காது. அத்தகைய சொல் ஆணையில் நேராக இல்லாமல், ஆணை சுட்டும் பழைய கடிதத்தில் இருந்தாலும் களங்கமே என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொல்கத்தாவின் சத்யேந்திரநாத் போஸ் தேசிய மையம் தொடர்பான வழக்கு அது. ஆகவே ‘பார்வை’ என்று மேலே பழைய மெமோக்களை வரிசையாகக் குறிப்பிடும் வழக்கத்தை இந்தக் கடிதத்திலாவது விட்டுவிடலாம்.