சேம்பரில் ஒரு அடி, இஞ்சினுக்கு ஒரு லட்சம்: இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஏன் சண்டையாகிறது?

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கத்துத் தெருக்கள் குளமாயின. அப்படி நிற்கும் தண்ணீரில் வண்டியை விடும்போது, இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிடுமோ என்றுதான் பலரும் பயப்படுவார்கள். தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும் பள்ளமும், தரைக்கு மேல் துருத்தி நிற்கும் பாதாளச் சாக்கடை மூடியும் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை.

சிறிய கார்களின் அடிப்பாகம் ஆள் ஏறாத நிலையில் தரையிலிருந்து சுமார் 16, 17 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஐந்து பேர் ஏறினால் அது குறையும். பள்ளத்தைக் கடைசி நொடியில் உணர்ந்து பிரேக்கை மிதித்தால் எடை முன்பக்கம் சாய்ந்து மூக்கு இன்னும் இறங்கும். அதே நேரம் முன்சக்கரமும் பள்ளத்துக்குள் விழுவதால், பள்ளத்தின் விளிம்பு நேராக, இஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் சம்பில் இடிக்கும். மெக்கானிக்குகள் 'சேம்பர்' என்பது இதைத்தான். தகட்டுச் சேம்பர் என்றால் பெரும்பாலும் நசுங்கும். அலுமினிய வார்ப்பு என்றால் விரிசல் விடும்.

சின்ன காரின் சேம்பரில் மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில் இருக்கும். விரிசல் வழியே அது வடிந்து, பம்பின் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கத் தொடங்கியதும் டேஷ்போர்டில் சிவப்பு ஆயில்கேன் விளக்கு எரியும். கிராங்க் ஷாஃப்டையும் பேரிங்கையும் உரசாமல் பிரித்து வைத்திருப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அது அறுந்தால் உலோகத்தோடு உலோகம் தேய்ந்து, சூடாகி நீலம் பாய்ந்து, கடைசியில் இஞ்சின் சுழல முடியாமல் பிடித்துக்கொள்ளும். விளக்கு எரிந்த உடனே அணைத்தால் பெரும்பாலும் சேம்பரோடு செலவு முடியும். 'ஒர்க் ஷாப் பக்கம்தானே' என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் இஞ்சினே போய்விடலாம்.

சண்டை தொடங்குவது இந்த மூன்று கிலோமீட்டரில்தான். தனியார் காருக்கான வழக்கமான பேக்கேஜ் பாலிசி, வெளியிலிருந்து விபத்தாக நேரும் சேதத்துக்குப் பணம் தரும். அதைத் தொடர்ந்து விளையும் இழப்பையும் இயந்திரக் கோளாறையும் விலக்கிவிடும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: அடிபட்ட வண்டியைப் பழுது பார்ப்பதற்கு முன்பே ஓட்டினால், அதனால் பெருகும் சேதம் உரிமையாளர் பொறுப்பு. உரிமையாளர் 'எல்லாம் ஒரே பள்ளத்தால் வந்தது' என்பார். கம்பெனியோ சேம்பர் பள்ளத்தால் போனது, இஞ்சின் ஓட்டியதால் போனது என்று இரண்டாகப் பிரிக்கும். பொறியியல்படி பார்த்தால் கம்பெனியின் கணக்கில் நியாயம் உண்டு. ஆனால் வெள்ளத்தின் நடுவே, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது எந்த இடத்தில் நிறுத்தியிருக்க முடியும் என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் வண்டியைத் தூக்கிப் பார்க்கும்போது தேடுவது தடயங்களை. முன்னிருந்து பின்னாக ஓடும் கீறலும் பளபளக்கும் உடைப்பும் இருந்தால் அடி புதிது; உடைப்புக்குள் பழைய மண் இறுகிக் கிடந்தால் பழையது. ஆயில் நேராகக் கீழே மட்டும் சொட்டியிருந்தால் வண்டி நின்றிருந்தது என்று பொருள். கியர்பாக்ஸ், சைலன்சர் குழாய் வரை பின்னோக்கித் தெறித்திருந்தால் ஓடியிருக்கிறது. சம்பவ இடம் செல்லூர் என்று எழுதிவிட்டு, வண்டி புதூரிலிருந்து டோவிங் ஆகியிருந்தால் அந்த ரசீதே எதிர்ச்சாட்சி ஆகிவிடும்.

தொகை எப்படிச் சுருங்குகிறது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. மூன்றரை வயதான 1200 சிசி கார். சேம்பர் 6,000 ரூபாய், அடியில் உள்ள பிளாஸ்டிக் கவசம் 2,000, கூலி 3,000, இஞ்சின் வேலை 90,000. அந்த வயதில் உலோகப் பாகத்துக்குத் தேய்மானம் 25 சதவீதம், பிளாஸ்டிக்குக்கு 50. ஆகவே 4,500, 1,000, 3,000 சேர்ந்து 8,500. 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 போனால் 7,500 கைக்கு வரும். மொத்தச் செலவு 1,01,000; இஞ்சின் வேலைக்கு ஒரு ரூபாயும் இல்லை.

'ஜீரோ டெப் எடுத்திருக்கிறேனே' என்பது அடிக்கடி கேட்கும் பதில். அது தேய்மானக் கழிவை மட்டுமே நீக்கும்; தொடர்விளைவு விலக்கைத் தொடாது. அதற்கு இஞ்சின் பாதுகாப்பு என்ற தனி ஆட்-ஆன் வேண்டும். அதிலும் அடிப்பாகத்தில் மோதிய அடையாளம் தெரிய வேண்டும், தெரிந்தே தொடர்ந்து ஓட்டியிருக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறும்.

ஆகவே விளக்கு எரிந்ததும் சாவியைத் திருப்பி அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் ஆட்களை வைத்து ஓரமாகத் தள்ள வேண்டும். பள்ளம், தண்ணீரில் மிதக்கும் ஆயில் படலம், ஓடோமீட்டர் எண் மூன்றையும் அங்கேயே படமெடுத்து, கம்பெனிக்குப் போன் செய்துவிட்டு டோவிங் வண்டியை அழைக்க வேண்டும். சர்வேயர் பார்க்கும்வரை சேம்பரைக் கழற்றவோ அடிப்பாகத்தைக் கழுவவோ ஒர்க் ஷாப்பை விடக் கூடாது. கம்பெனி க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் செய்யலாம். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கேயும் முதல் கேள்வி, அடிபட்ட பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பதாகத்தான் இருக்கும்.