குறைவது எடையா, நிறையா?

"நிலநடுக்கோட்டுக்குப் போனால் உங்கள் நிறை குறைந்துவிடும்." தமிழ் அறிவியல் காணொளிகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்தவருக்கு இது அப்பட்டமான பிழை. அங்கே நிறை என்பது ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. துருவத்துக்குக் கொண்டுபோனாலும் நிலவுக்குக் கொண்டுபோனாலும் மாறாது. பூமி அதை இழுக்கும் விசைதான் எடை. இடத்துக்கு இடம் மாறுவது அதுதான்.

எவ்வளவு மாறும்? கடல் மட்டத்தில் ஈர்ப்பு முடுக்கம் துருவத்தில் 9.832 மீ/வி², நிலநடுக்கோட்டில் 9.780 மீ/வி². வட துருவத்தில் சரிசெய்த வில் தராசு ஒருவருக்கு 60 கிலோ என்று காட்டினால், அதே தராசு நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 59.68 கிலோ காட்டும். குறைந்த 320 கிராமில் 200 கிராமுக்குச் சற்று மேல் பூமியின் சுழற்சியால் வருவது. நிலநடுக்கோட்டில் நிற்பவர் ஒரு நாளில் பெரிய வட்டமொன்றைச் சுற்றி வருகிறார். அவரை அந்த வட்டத்திலேயே வைத்திருக்க இழுவிசையில் ஒரு பங்கு செலவாகிவிட, மீதிதான் தராசை அழுத்துகிறது. எஞ்சிய 110 கிராம் பூமி இடுப்புப் பருத்திருப்பதால். நிலநடுக்கோட்டில் நிற்பவர் துருவத்தில் நிற்பவரைவிட மையத்திலிருந்து 21 கிலோமீட்டர் கூடுதலாக விலகி நிற்கிறார். அந்தத் தொலைவை மட்டும் கணக்கிட்டால் குறைவு இன்னும் பெரிதாக வரும். பருத்த பகுதியின் பொருளும் அவரை இழுப்பதால் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது.

இனி சொல்லுக்கு வருவோம். கொடு, கொடை, விடு, விடை, அப்படியே எடு, எடை. தூக்கிப் பார்த்து அறிவது. நிறை என்பது 'நிறு' என்ற வினையிலிருந்து வருவது. நிறுத்துப் பார்த்த அளவு. தொல்காப்பியமே அளவையும் நிறையையும் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது.

சிக்கல் இங்கேதான். பிறப்பைப் பார்த்தால் எடை, நிறை இரண்டுமே தராசில் பிறந்த சொற்கள். ஒன்றை எடுத்து, தராசுக்கு அப்பாற்பட்ட மாறாத அளவுக்குப் பெயராக வைத்தது தமிழ்நாட்டுக் கலைச்சொல்லாக்கம். இலங்கைப் பாடநூல்களோ மாறாத அளவைத் திணிவு என்றும் விசையை நிறை என்றும் சொல்கின்றன. ஆகவே மேலே சொன்ன வாக்கியம் யாழ்ப்பாணத்தில் சரி, மதுரையில் தவறு. ஒரே மொழியில் ஒரே சொல் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பொருளைச் சுமப்பது எந்தத் துறைக்கும் நல்லதல்ல.

திணிவு என்றால் திணித்த தன்மை, அது அடர்த்தியோடு குழம்பும் என்று இங்கே பலர் மறுக்கிறார்கள். அடர்த்தியையும் பருமனையும் சேர்த்துத்தான் பொருளின் அளவை நியூட்டனே வரையறுத்தார் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். இடத்தில் திணிக்கப்பட்டிருக்கும் மொத்தம் என்று கொண்டால் சொல் பொருந்தவே செய்கிறது. பழைய பாடநூல்களில் இருந்த பொருண்மை எனக்கும் பிடிக்கும். ஆனால் மொழியியலார் அதைச் சொற்பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். என் தீர்ப்பு இது: விசைக்கு எடை, மாறாததற்குத் திணிவு. நிறையை இயற்பியலிலிருந்து விடுவித்து நகைக்கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நகைக்கடையிலும் இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு இல்லை. இருதட்டுத் தராசில் தங்கமும் எடைக்கல்லும் ஒரே விகிதத்தில் கனம் இழக்கின்றன, முள் அசையாது. அது திணிவைத்தான் ஒப்பிடுகிறது. மின்னணுத் தராசு அப்படியல்ல. தட்டின் மீது விழும் விசையை அளந்து, சரிசெய்த ஊரின் ஈர்ப்புக்கு ஏற்ப அதைக் கிராமாக்கிக் காட்டுகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் சரிசெய்த தராசைச் சென்னையில் அப்படியே வைத்தால், 8 கிராம் சவரன் 7.975 கிராம் என்று காட்டும். தங்கம் எங்கும் போகவில்லை. 100 கிராம் முத்திரை எடைக்கல்லை வைத்துப் பாருங்கள், 99.68 காட்டினால் தராசை இந்த ஊருக்குச் சரிசெய்யவில்லை என்று பொருள். அந்தக் கல்லைக் கொண்டே மறுபடி சரிசெய்துகொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை. கொழும்புப் பாடநூலிலிருந்து ஒரு வரி, சென்னைப் பாடநூலிலிருந்து ஒரு வரி எடுத்து ஒரே பத்தியில் ஒட்டுகிறார்கள். முதல் வரியில் குறையும் நிறை, மூன்றாம் வரியில் மாறாமல் நிற்கிறது. நிறை என்றே எழுதியாக வேண்டுமானால், எந்தக் கரையின் நிறை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.