சத்தியக்கடதாசியின் கடைசி ஆறு வரிகள்

உப்புவெளியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வீட்டிலிருந்து பெருந்தெருவுக்குப் போக எட்டடி அகல ஒழுங்கை ஒன்றுதான் வழி. அதன் குறுக்கே அயல்வீட்டுக்காரர் மதில் கட்ட அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார். ஆசிரியை திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வரும்வரை மதில் வேலையை நிறுத்த இடைக்காலத் தடையுத்தரவு கேட்கிறார். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 662ஆம் பிரிவின்படி இதற்கு மனு மட்டும் போதாது. நடந்ததை நேரில் அறிந்தவர் சத்தியத்தின் பேரில் எழுதிக் கொடுக்கும் சத்தியக்கடதாசியும் கூடவே வேண்டும்.

ஏன் என்றால், இந்தக் கட்டத்தில் சாட்சிக்கூண்டில் யாரும் ஏறுவதில்லை. நீதிபதி பார்ப்பது கடதாசியை மட்டும்தான். சாட்சி ஒருவர் கூண்டில் ஏறினால் என்ன நடக்கும்? எந்த வழக்கு என்று கூப்பிடுவார்கள், அவர் யார் என்று கேட்பார்கள், சத்தியம் செய்விப்பார்கள், அப்புறம்தான் அவர் வாய் திறப்பார். கடதாசியும் அதே வரிசையில்தான் போகும். மேலே நீதிமன்றத்தின் பெயர், வழக்கிலக்கம், தரப்பினரின் பெயர்கள். வழக்கின் தலைப்பையே கடதாசியும் தாங்கவேண்டும் என்று 438ஆம் பிரிவு சொல்கிறது. அதன் கீழே ஒரே நீண்ட வாக்கியம்: இன்ன முகவரியில் வசிக்கும் இன்னார் ஆகிய நான், ஓர் இந்துவாக இருப்பதால், பயபக்தியுடனும் நேர்மையுடனும் உண்மையுடனும் உறுதியுரைத்துக் கூறுவதாவது.

அந்த "இந்துவாக இருப்பதால்" வெறும் அலங்காரமில்லை. 1895ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்து, பௌத்தர், முஸ்லிம் ஆகியோர் சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரை செய்ய இடம் தருகிறது. கிறிஸ்தவர் வழக்கமாகச் சத்தியம் செய்வார். மேலே "உறுதியுரைத்து" என்று தொடங்கிவிட்டுக் கீழே "சத்தியம் செய்தார்" என்று முடிந்தால், வேறொருவரின் கடதாசியிலிருந்து வெட்டி ஒட்டியது பார்த்தவுடனே தெரிந்துவிடும். அதற்காகவே கடதாசி செல்லாமற் போகும் என்றில்லை, ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு எழும்பிப் பேச ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இனி இலக்கமிட்ட பந்திகள். முதலாம் பந்தியில் "மேலே பெயரிடப்பட்ட வாதி நானே" என்று வரும். அதற்கடுத்து நடந்தவை, நடந்த வரிசையிலேயே. ஆசிரியையின் மகன் எழுதிக் கொடுத்த முதல் வரைபு இப்படி இருந்தது என்று கொள்வோம்:

"எதிராளி எவ்வித உரிமையுமின்றி, அரசியல் செல்வாக்கைப் பாவித்து, எமது பாதையை மறித்து மதில் கட்டி எங்களை வீட்டுக்குள் சிறைவைக்கத் திட்டமிட்டுள்ளார்."

கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒரே வாக்கியத்துக்குள் சட்ட முடிவு, ஊகம், கண்ட காட்சி, வருங்காலம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. எதிர்த்தரப்பு "இந்தப் பந்தியை முற்றாக மறுக்கிறேன்" என்று ஒரு வரி எழுதினால், கண்ட காட்சியும் சேர்ந்தே மறுக்கப்பட்டுவிடும். இலக்கமிடுவதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. பந்திக்கு ஒரு விடயம் என்று பிரித்துவிட்டால், மறுப்பவர் ஒவ்வொன்றாக மறுக்க வேண்டிவரும். மறுக்க முடியாதது தனியாகத் தெரிந்துவிடும். திருத்திய வரைபு இதோ:

"5. 2025 மார்ச் 10ஆம் திகதி காலை 7 மணியளவில், மேற்படி ஒழுங்கையின் குறுக்கே இருவர் அத்திவாரக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்ததை எனது வீட்டுக் கேற்றடியில் நின்று கண்டேன்.

6. மார்ச் 11ஆம் திகதி மாலை அவ்விடத்தில் சீமெந்துக் கற்களும் மணலும் பறிக்கப்பட்டதைக் கண்டேன். அதன் புகைப்படத்தை 'ஈ' என அடையாளமிட்டு இணைத்துள்ளேன்.

7. 5ஆம், 6ஆம் பந்திகளில் கூறியவற்றின் காரணமாக, நீதிமன்றம் உடன் தடுக்காவிடின் மதில் சில நாட்களில் கட்டி முடிக்கப்படும் என நம்புகிறேன்."

ஏழாம் பந்தியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். அவர் கண்டதல்ல அது, நம்புவது. 181ஆம் பிரிவு பொதுவாகத் தான் நேரில் அறிந்ததை மட்டுமே சொல்ல விடுகிறது. இப்படியான இடைக்கால விண்ணப்பங்களில் மட்டும் நம்பிக்கையையும் சொல்லலாம், ஆனால் அதற்கு நியாயமான காரணம் கடதாசியிலேயே இருக்கவேண்டும். அரசியல் செல்வாக்கு என்ற பேச்சுக்கு ஆசிரியையிடம் அப்படி ஒரு காரணமும் இல்லை. ஆகவே அது போய்விட்டது.

இணையத்தில் மாதிரி தேடுகிறவர்கள் தடுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டு மாதிரிகளில் கடைசியாக "சரிபார்ப்பு" என்று ஒரு பகுதி வரும்: 1 முதல் 6 வரையான பத்திகள் என் சொந்த அறிவு, 7ஆம் பத்தி என் நம்பிக்கை என்று மனுதாரரே சொல்லிக் கையெழுத்திடுவார். நம் நாட்டுக் கடதாசியில் அந்த வேலையைப் பந்திகளே செய்துவிடுகின்றன. தேவையென்றால், இரண்டாம் பந்தியில் "வேறாகக் கூறிய இடங்கள் தவிர, இங்கு கூறுபவை எனது சொந்த அறிவுக்குட்பட்டவை" என்று ஒரு வரி போட்டுக்கொள்ளலாம். சரிபார்ப்பு எழுதினால் குற்றமில்லை. சிக்கல் என்னவென்றால், அதை எழுதியவர் வேலை முடிந்தது என்று நினைத்து, உண்மையில் கட்டாயமான அத்தாட்சிக் குறிப்பை விட்டுவிடுவார்.

அத்தாட்சிக் குறிப்பில் பேசுபவர் ஆசிரியை அல்ல. ஜே.பி. என்று நாம் சொல்லும் சமாதான நீதவானோ சத்தியப்பிரமாண ஆணையாளரோ அங்கே பேசுகிறார். கடைசிப் பந்தி முடிந்ததும் இடப்பக்கத்தில் அது வரும்: "மேற்படி கூற்றாளர் இதனை வாசித்து விளங்கிக்கொண்டு, 2025 மார்ச் 12ஆம் திகதி திருகோணமலையில் எனது முன்னிலையில் உறுதியுரைத்துக் கையொப்பமிட்டார்." அதற்கு நேரே வலப்பக்கத்தில் ஆசிரியையின் கையொப்பம். எல்லாவற்றுக்கும் கீழே "என் முன்னிலையில்", அப்புறம் ஜே.பி.யின் கையொப்பமும் முத்திரையும். இடமும் திகதியும் உண்மையாகக் குறிக்கப்படவேண்டும் என்பது 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. எழுத வாசிக்கத் தெரியாதவர் அல்லது பார்வையற்றவர் என்றால், 439ஆம் பிரிவின்படி இந்த வாசகம் மாறும். அவருடைய மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கியதாகத் தோன்றியது, முன்னிலையில் அடையாளமிட்டார் என்று மூன்றையும் எழுதவேண்டும்.

வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டு, ஓட்டோவில் ஜே.பி. வீட்டுக்கு அனுப்பி முத்திரை குத்தி எடுப்பது ஊரில் நடக்காததல்ல. குறுக்கு விசாரணை என்று வந்தால் "எங்கே வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும், "எனது முன்னிலையில்" என்பது பொய்யாகிவிடும். திகதிக்கு இடைவெளி விட்டு அச்சடித்துப் பிறகு நிரப்ப மறந்துபோவதும் இப்படித்தான் வரும். பேனையால் அடித்துத் திருத்திய இடம் ஒவ்வொன்றிலும் ஜே.பி.யின் சுருக்கொப்பம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தத் திருத்தம் சத்தியத்துக்கு முன்னா பின்னா என்று யாருக்கும் தெரியாது. அத்தாட்சிக் குறிப்பு மட்டும் தனித்தாளில் தொங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பந்தியில் இரண்டு வரியாவது அதே தாளில் இருந்தால், தாளை மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இடமிராது.

இன்னொன்று, முத்திரையை வாசியுங்கள். சில ஜே.பி.மார் அகில இலங்கைக்கும் நியமிக்கப்பட்டவர்கள், சிலர் ஒரு நீதி வலயத்துக்கு மட்டும். ஆசிரியையின் சட்டத்தரணியே சத்தியப்பிரமாண ஆணையாளராகவும் இருக்கலாம், ஆனால் தான் தோன்றும் வழக்கில் அவர் ஒப்பமிட முடியாது. பக்கத்து மேசைச் சட்டத்தரணியிடம்தான் போகவேண்டும்.